வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒதுக்கி வைங்க

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் உறுதியானதும் முதலில் ஓட வேண்டியது நூலுக்குத்தான். துணி ஓட்ட, சாயம் போட, தைக்க எத்தனை பேர் காத்திருந்தாலும் நூல் வந்து இறங்காமல் எதுவும் நகராது. ஆனால் நூலைப் பார்த்த அன்றே வாங்கிவிட முடிவதில்லை. பர்சேஸ் மேனேஜர் பார்த்திருப்பார், பிடித்திருக்கும், விலையும் படிந்திருக்கும். ஆபீஸில் கையெழுத்து ஆக மூன்று நாளோ நான்கு நாளோ ஆகும். அதுவரைக்கும் அந்த நூல் வேறு யார் கைக்கும் போகாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்று நான்கு நாளுக்காக வியாபாரியிடம் கேட்கும் உதவிக்கு ஊரில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “கொஞ்சம் எடுத்து வைங்கண்ணா.” போனில் சொல்வார்கள். எதிர்முனையில் “சரிங்க, பாத்துக்கலாம்” என்று பதில் வரும். இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குச் சம்மதம் சொல்லியிருப்பார்கள். கேட்டவர் சரக்கு தன் பேரில் நிற்கிறது என்று நினைப்பார். சொன்னவர், அதற்குள் வேறு பார்ட்டி வராவிட்டால் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார். சண்டை வருவது இந்த இடைவெளியில்தான்.

வேறு வியாபாரியிடம் வாங்கிக்கொண்டால் போயிற்று என்று தோன்றலாம். பேனாவோ காகிதமோ என்றால் அப்படிச் செய்யலாம். நூலில் முடியாது, காரணம் லாட். ஸ்பின்னிங் மில்லில் பல ஊர்ப் பஞ்சைக் கலந்து ஒரு மிக்ஸிங் போட்டு ஓட்டுவார்கள். அந்தக் கலவையில் வந்த நூலுக்கு ஒரு லாட் நம்பர் விழும். அடுத்த கலவை வேறு லாட். அதே மில், அதே கவுன்ட், அதே விலையாக இருந்தாலும் பஞ்சின் முதிர்ச்சியில் சிறு வித்தியாசம் இருக்கும். முதிராத இழை சாயத்தைக் குறைவாகவே பிடிக்கும். வெள்ளையாக இருக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாயத்தொட்டியிலிருந்து வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

நிட்டிங் மெஷினில் எழுபது, எண்பது கோன் ஒரே நேரத்தில் ஓடும். அவற்றில் நான்கைந்து கோன் வேறு லாட்டாக இருந்துவிட்டால், சாயம் போட்ட துணியில் குறுக்காகக் கோடு கோடாகப் பட்டை விழும். நடுத்தர நீலம், சாம்பல், பச்சை போன்ற நிறங்களில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பட்டை விழுந்த துணியை பையர் எடுக்கமாட்டார். அடர்ந்த நிறத்துக்கு மாற்றிச் சாயம் போட்டு வேறு ஆர்டருக்குத் தள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு லாட்டைத் தனித்தனியாக ஓட்டினாலும் முன்பக்கம் ஒரு சாயை, கை ஒரு சாயை என்று ஆகிவிடாமல் வெட்டும்போது பிரித்து வைத்துக் காபந்து பண்ண வேண்டும். அதனால்தான் ஒரு ஆர்டருக்கு வேண்டிய நூல் மொத்தமும் ஒரே லாட்டில் கிடைத்தால் அதை விடக்கூடாது என்று மெர்ச்சண்டைசர்கள் துடிக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12,000 டீ-சர்ட் ஆர்டர். வெட்டுக் கழிவு உட்பட ஒன்றுக்கு 200 கிராம் துணி என்றால் 2,400 கிலோ. ஓட்டுவதிலும் சாயத்திலும் போகும் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 2,640 கிலோ நூல் வேண்டும். 60 கிலோ மூட்டையாக 44 மூட்டை. 30-ஆம் நம்பர் கோம்டு நூல் கிலோ 340 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8,97,600 ரூபாய். இதற்கு மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. அந்தக் கம்பெனியில் பர்சேஸ் மேனேஜர் ஐந்து லட்சம் வரைதான் தானாகக் கையெழுத்துப் போடலாம் என்றால், இந்தக் கொள்முதல் அக்கவுண்ட்ஸ் வழியாக எம்.டி. மேஜைக்குப் போக வேண்டும். அவர் வெளியூரில் இருக்கிறார். இன்றைக்கு 28-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. வியாபாரி குடோனில் அந்த லாட்டில் இருப்பது 50 மூட்டை. இன்னொரு கம்பெனி வந்து பத்து மூட்டை எடுத்தாலே நம் ஆர்டருக்கு நூல் பற்றாது. எனவே ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும்.

வியாபாரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் நம் ஆபீஸில் ஒரு போன் போட வேண்டும். “சார் எப்ப வர்றாரு? அவர் இல்லாட்டி யார் கையெழுத்து செல்லும்?” இதற்கு உண்மையான பதில் தெரியாமல் நாள் கேட்டால் அது ஊகம். ஊகத்தில் இரண்டு நாள் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் “இன்னும் ஒரே ஒரு நாள்” என்று மறுபடி போவதைவிட, முதலிலேயே நான்கு நாள் கேட்பது மேல். நான்கு நாளை மறுக்கிற வியாபாரிகூட உடனே சொல்லிவிடுவார், நாம் வேறு வழி பார்க்கலாம். இரண்டு நாளைக்கு ஒத்துக்கொண்டவர் மூன்றாம் நாள் கைவிட்டால் வேறு வழி பார்க்க நேரம் இருக்காது.

அடுத்து, பேசுகிற ஆள் யார் என்று பார்க்க வேண்டும். நூல் விற்கிறவர் எல்லாருமே நூலைக் கையில் வைத்திருப்பவர்கள் அல்ல. ஏஜென்ட்டாக இருப்பவர் மில்லுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர். சரக்கு மில் குடோனில் இருக்கும். அதை ஒதுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவர் நல்ல மனதோடு “இருக்குதுங்க, கவலப்படாதீங்க” என்பார். அதே நேரத்தில் மில்லிலிருந்து இன்னொரு ஏஜென்ட் மூலமாக அந்த மூட்டைகள் லாரி ஏறிக்கொண்டிருக்கும். எனவே “சரக்கு உங்க குடோன்ல இருக்கா, மில்லுல இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. மில்லில் என்றால், மில்லின் சேல்ஸ் ஆபீஸிலிருந்து லாட் நம்பரோடு ஒரு வரி மெயில் வரவேண்டும். வராதவரை அந்தச் சரக்கு நமக்காக நிற்கவில்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

பேசி முடித்ததும் எழுத்தில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் போதும், மெயில் இன்னும் நல்லது. இப்படி இருக்கலாம்:

“அண்ணா வணக்கம். காலைல பேசினபடி 30-ஆம் நம்பர் கோம்டு ஹோசரி நூல், ஒரே லாட், 44 மூட்டை, 2,640 கிலோ. கிலோ 340 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. லாட் நம்பரை இதுக்குப் பதில்ல போட்டு அனுப்புங்க. 31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயந்தரம் 5 மணி வரைக்கும் எங்களுக்காக ஒதுக்கி வைக்கணும்னு கேட்டுக்கறோம். எங்க எம்.டி. கையெழுத்து மட்டும் பாக்கி. இது பர்சேஸ் ஆர்டர் இல்லைங்க, கையெழுத்து ஆனதும் பி.ஓ. மெயில்ல வரும். 5 மணிக்குள்ள பி.ஓ. வரலைன்னா நீங்க வேற பார்ட்டிக்குக் கொடுத்துக்கலாம். நடுவுல யாராவது இதே லாட்டைக் கேட்டா, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணுங்க.”

இதில் தேவையில்லாத வரி ஒன்றுகூடக் கிடையாது. லாட் நம்பரை அவரையே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை எழுத வேண்டுமானால் அவர் குடோனுக்குப் போய் மூட்டையைப் பார்த்தாக வேண்டும், அல்லது ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த 50 மூட்டையில் 14 வேறு லாட் என்பதுபோன்ற சங்கதி வெளியே வரும். லாட் நம்பர் வராமல் வெறும் “ஓகே” மட்டும் வந்தால் சரக்கை யாரும் இன்னும் தொடவே இல்லை என்று பொருள்.

“வெள்ளிக்கிழமை வரை” என்று நிறுத்தாமல் மணியையும் போடுவது அடுத்தது. வெள்ளிக்கிழமை என்றால் காலையா, கடை சாத்தும் நேரமா என்று இருவருக்கும் இரண்டு கணக்கு இருக்கும். “பர்சேஸ் ஆர்டர் இல்லை” என்ற வரி சிலருக்குக் கூச்சமாக இருக்கும். இப்படி எழுதினால் வியாபாரி நம்மைத் திடமில்லாத பார்ட்டி என்று நினைப்பாரோ என்று பயந்து, “கன்ஃபர்ம் பண்ணிட்டோம், பேப்பர் மட்டும் வரணும்” என்று எழுதிவிடுகிறார்கள். அது ஆபத்து. அந்த வாசகத்தை நம்பி அவர் மில்லுக்குப் பணம் கட்டியிருப்பார், அல்லது வேறு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியிருப்பார். எம்.டி. மறுத்துவிட்டால், கம்பெனி வாங்குவதாக ஒப்புக்கொண்டதற்கு அந்த மெசேஜையே அவர் ஆதாரமாகக் காட்டலாம். கையெழுத்து அதிகாரம் இல்லாதவர் கம்பெனியின் பேரில் வாக்குக் கொடுத்த சங்கடம் அப்புறம் ஆபீஸுக்குள் வெடிக்கும்.

கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பல வியாபாரிகள் முழுசாக ஒதுக்கி வைக்க ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் “யாராவது கேட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கொடுங்க” என்றால் மறுப்பவர் குறைவு. அவருக்கு இதில் நஷ்டமே இல்லை. நமக்கோ ஒரு மணி நேர அவகாசம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வெளியூரில் இருக்கும் எம்.டி.யைப் போனில் பிடித்துவிடலாம்.

இப்போது விலை. திருப்பூருக்கு நூல் அனுப்பும் தமிழக மில்கள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் அந்த மாத விலையை அறிவிக்கின்றன. நம் கதையில் அவகாசம் 31-ஆம் தேதி மாலை முடிகிறது. மறுநாள் புது விலை. கையெழுத்து ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்? சரக்கு அப்படியே இருக்கலாம், விலை இருக்காது. சரக்கை நிறுத்தி வைப்பதும் விலையை நிறுத்தி வைப்பதும் இரண்டு தனித்தனி உதவிகள். ஒன்றைக் கேட்டு இரண்டும் கிடைத்ததாக நினைத்துக்கொள்வதில்தான் பலர் அடிபடுகிறார்கள். கிலோவுக்கு 8 ரூபாய் ஏறினால் 2,640 கிலோவுக்கு 21,120 ரூபாய். ஒரு டீ-சர்ட்டுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டு விலை சொல்லி முடித்த எக்ஸ்போர்ட் ஆர்டரில் இது சின்னத் தொகை இல்லை. மாதக் கடைசியில் கேட்கும்போது “இந்த ரேட் எதுவரைக்கும்?” என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்டு, பதிலைத் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும். விலை இறங்கும் காலத்தில் இதே விஷயம் மறுபக்கம் திரும்பும். அப்போது வியாபாரி சந்தோஷமாக ஒதுக்கி வைப்பார், பழைய விலைக்கு.

வியாபாரியின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். அவருக்கு இந்த நான்கு நாள் எவ்வளவு செலவு? ஒன்பது லட்ச ரூபாய்ச் சரக்குக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று போட்டால் ஒரு நாளைக்கு 295 ரூபாய், நான்கு நாளைக்கு 1,180 ரூபாய். இது பெரிதில்லை. அவருக்கு உண்மையான பயம் வேறு. வியாழக்கிழமை ஒருவர் ரொக்கத்தோடு வந்து நிற்பார், அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை நாமும் கைவிரிப்போம். அந்த ரொக்கக்காரர் வேறு கடைக்குப் பழகிவிடுவார். இந்தப் பயத்தைக் குறைக்க நம்மால் முடிந்தது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்வது. “பையர் ஆர்டர் கைல இருக்கு, சாம்பிள் ஓகே ஆயிடுச்சு, கையெழுத்து மட்டும் பாக்கி” என்பதும், “பையர் இன்னும் ஓகே சொல்லல, வந்தா எடுக்கறோம்” என்பதும் அவருக்கு வேறு வேறு அளவு நம்பிக்கை. இரண்டாவதை முதலாவதுபோல் சொல்லிச் சரக்கை நிறுத்தியவருக்கு அடுத்த தடவை எதுவும் நிற்காது. இதைவிட மோசமானது, மூன்று வியாபாரிகளிடம் ஒரே நேரத்தில் 44, 44 மூட்டையாக நிறுத்தச் சொல்லிவிட்டு, கடைசியில் யார் விலையைக் குறைக்கிறாரோ அவரிடம் வாங்குவது. 132 மூட்டை நூல் காரணமில்லாமல் முடங்குகிறது. நூல் வியாபாரிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். இது வெளியே வராமல் போகாது.

சட்டம் இந்த உதவிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நிற்கும்? கொஞ்ச தூரம்தான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, விற்க முன்வந்தவர், வாங்குபவரின் ஏற்பு முழுமையாவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் தன் முன்வைப்பைத் திரும்பப் பெறலாம். வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன் என்று சொன்னதற்கு ஈடாக நாம் எதுவும் கொடுக்கவில்லை என்றால், வியாழக்கிழமை அவர் விற்றுவிட்டார் என்று கோர்ட்டுக்குப் போவதில் பெரிய பயன் இருக்காது. நாம் ஒரு சிறு தொகை கட்டி, “வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் விற்காமல் இருப்பதற்காக” என்று எழுதி வாங்கியிருந்தால் நிலைமை வேறு. வார்த்தைக்கு விலை வந்துவிட்டது, அது ஒப்பந்தம். ஒதுக்கி வைத்திருக்கும் நாட்களில் குடோனில் தண்ணீர் புகுந்தாலோ தீப்பிடித்தாலோ நஷ்டம் யாருக்கு என்றால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, உரிமை கைமாறும் வரை விற்பவருக்கே. கையெழுத்தே ஆகாத நம்மிடம் உரிமை வந்திருக்க வழியில்லை.

டோக்கன் பணம் கொடுப்பதானால் ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. கையெழுத்து வராவிட்டால் அந்தப் பணம் திரும்புமா, போய்விடுமா என்பதை ரசீதிலேயே எழுத வேண்டும். எழுதாத இடத்தில் வியாபாரி போய்விட்டது என்பார், அக்கவுண்ட்ஸ் திரும்ப வரவேண்டும் என்பார், நடுவில் பர்சேஸ் மேனேஜர் நிற்பார். வரி பற்றிய பயம் வேண்டாம். சரக்குக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு வாங்கிய அன்றே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும் என்று 2017 நவம்பரிலேயே விதி மாறிவிட்டது. முதல் தடவை ஒதுக்கி வைக்கக் கேட்கும்போது நம்பகமான, பழகிய வியாபாரியிடம் டோக்கன் தேவைப்படாது. இரண்டாவது தடவை நாள் நீட்டிக்கக் கேட்கும்போது, அவர் கேட்காமலே நாம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வியாபாரி பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் காரியம் கெட்டுப்போவது நம் ஆபீஸில்தான். பர்சேஸ் மேனேஜர் அப்ரூவலுக்கு ஃபைல் அனுப்புவார். விலை ஒப்பீடு, அளவு, ஆர்டர் நம்பர் எல்லாம் இருக்கும். சரக்கு எத்தனை மணி வரை நிற்கும் என்பது மட்டும் இருக்காது. எம்.டி.யின் மெயிலில் இதுபோல் இருபது ஃபைல் காத்திருக்கும். எது இன்றைக்கு, எது அடுத்த வாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஃபைலின் தலைப்பிலேயே எழுத வேண்டும்: “30-ஆம் நம்பர் நூல், 44 மூட்டை, வெள்ளி மாலை 5 மணி வரை மட்டும் ஒதுக்கீடு, சனிக்கிழமை புது விலை.” அதற்குக் கீழே, தவறினால் என்ன நடக்கும் என்று ஒரு வரி. ஒரே லாட்டில் இவ்வளவு வேறெங்கும் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் துணி ஓட்டுவது எத்தனை நாள் தள்ளும் என்பதுதான் கையெழுத்துப் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது. வியாபாரி லாட் நம்பரோடு அனுப்பிய பதிலையும் அதே ஃபைலில் இணைத்துவிட்டால் அக்கவுண்ட்ஸ் மறுபடி போன் போட்டுக் கேட்கவேண்டி வராது.

வியாபாரியின் கம்ப்யூட்டரில் ஒதுக்கீடு ஏறியதா என்றும் கேட்டுக்கொள்ளலாம். கொட்டேஷன் மட்டும் போட்டு வைத்தால் பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் இருப்பு குறையாது. அவர் கடையின் இன்னொரு சேல்ஸ்மேன் திரையில் 50 மூட்டை இருப்பதைப் பார்த்து வேறு ஒருவருக்கு விற்றுவிடுவார். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் சரக்கு போய்விட்டது. கம்ப்யூட்டரை நம்பாமல், மூட்டைகளைத் தனி அடுக்காக்கி ஒரு அட்டையில் பார்ட்டி பெயரும் தேதியும் எழுதிச் செருகுகிற பழைய ஆள் குடோனில் இருந்தால் அதுவே நல்லது. முடிந்தால் ஒரு ஆளை அனுப்பி அந்த அடுக்கைப் போட்டோ எடுத்து வரச் சொல்லலாம். போட்டோவில் மூட்டை லேபிளில் உள்ள லாட் நம்பர் படிக்க வருகிறதா என்று பாருங்கள். சரக்கு வந்து இறங்கியதும் அதே நம்பரோடு ஒப்பிட வேண்டும். சந்தேகம் இருந்தால் கோன்களை இருட்டறையில் யு.வி. விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது மில்களில் உள்ள வழக்கம். வேறு மிக்ஸிங்கில் வந்த கோன் சாயையில் வேறுபட்டுத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் கையெழுத்து வந்துவிட்டால் பி.ஓ.வை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று போனில் கேட்டு, லாட் நம்பர் பி.ஓ.வில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. வராவிட்டால், ஐந்து மணி ஆகும்வரை மௌனமாக இருக்காதீர்கள். மூன்று மணிக்கே கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். எம்.டி. மறுத்துவிட்டார் என்றால் மறுத்துவிட்டார் என்றே சொல்லுங்கள். அன்று மாலைக்குள் அந்த 44 மூட்டையை வேறு யாருக்காவது பழைய விலையிலேயே கொடுக்க அவருக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும்.